பாதாம் நொதியும் மணி வடிவ வளைவும்: முதல்முறை பிஎச் அளவீடு செய்பவர்களுக்கு

யஷ்வந்த்பூர் பக்கம் நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் எம்.எஸ்ஸி. புராஜெக்ட் செய்ய ஊரிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். வந்ததும் நான் கொடுக்கும் முதல் வேலை, ஒரு நொதியின் வேகம் பிஎச்-ஐப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று அளப்பது. போன வருடம் திருப்பத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பி நான்காம் நாளே கிராஃபோடு வந்து நின்றான்.

"அக்கா, மணி மாதிரி அழகா வந்திருக்கு. ஆனா உச்சம் 6.9ல வருது. படிச்சதுல எல்லாம் 5.5 பக்கம்னுதான் இருக்கு. நொதி வேறயா இருக்குமோ?"

நொதி வேறு இல்லை. அவன் அளந்தது நொதியின் வளைவே இல்லை. அது எப்படி நடந்தது என்பதையும், சரியாக அளந்து அந்த வளைவிலிருந்து இரண்டு பிகேஏ மதிப்புகளை எடுப்பதையும், எடுத்த பிறகு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எடுத்துக்கொள்ளும் நொதி பாதாம் பருப்பின் பீட்டா-குளுக்கோசிடேஸ். வோலரும் லீபிக்கும் 1837-இல் பாதாமில் 'எமல்சின்' என்று அடையாளம் கண்ட சரக்கில் இருப்பது இதுதான். உலர்தூளாகக் குப்பியில் கிடைக்கிறது, அறை வெப்பத்தில் நன்றாகத் தாங்கும், அளப்பதும் எளிது.

முதலில், வளைவு ஏன் மணி போல் இருக்கிறது

இந்த நொதியின் செயல்மையத்தில் இரண்டு குளுட்டமிக் அமிலங்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்று தன் புரோட்டானை இழந்து எதிர்மின்சுமையோடு இருக்க வேண்டும். அதுதான் சர்க்கரையின் முதல் கார்பனைத் தாக்கும். மற்றது புரோட்டானைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருக்க வேண்டும். பிணைப்பு உடையும்போது, பிரிந்துபோகும் ஆக்சிஜனுக்கு அதைக் கொடுப்பது இதன் வேலை. ஆக, ஒன்று வெறுங்கையாகவும் மற்றது புரோட்டானோடும் இருந்தால்தான் வேலை நடக்கும்.

கரைசல் அதிக அமிலமாகிவிட்டால் இரண்டின் மீதும் புரோட்டான் ஏறிவிடுகிறது. தாக்க ஆள் இல்லை. அதிகக் காரமாகிவிட்டால் இரண்டுமே புரோட்டானை இழக்கின்றன. கொடுக்க ஆள் இல்லை. நடுவில்தான் நமக்கு வேண்டிய வடிவம் நிறைய இருக்கும். மணியின் இடப்பக்கம் முதல் பிகேஏவால் வருகிறது, வலப்பக்கம் இரண்டாவதால். பெர்லினில் மிக்கேலிஸும் டேவிட்சோனும் 1911-இல் சொன்ன கருத்து இதுதான். பிஎச் என்ற அளவையே சோரன்சன் அறிமுகப்படுத்தி அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சமன்பாடாக எழுதினால்:

```
k = kmax / (1 + [H]/K1 + K2/[H])
```

கீழே உள்ள மூன்று உறுப்புகளும் நொதியின் மூன்று வடிவங்கள். 1 என்பது வேலை செய்யும் வடிவம். [H]/K1 என்பது புரோட்டான் கூடிப்போன வடிவம், K2/[H] என்பது புரோட்டான் குறைந்துபோன வடிவம். பின்னால் வரும் கணக்கு முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்துதான் வருகிறது. அதனால் இதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த வேகத்தை அளப்பது

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதில்லை. ஏதோ ஒரு சப்ஸ்ட்ரேட் அளவை எடுத்து, எல்லா பிஎச்-இலும் வேகத்தை அளந்து, "உகந்த பிஎச்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் நொதி சும்மா இருக்கும்போது அதற்கு ஒரு ஜோடி பிகேஏ, சப்ஸ்ட்ரேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வேறொரு ஜோடி. சப்ஸ்ட்ரேட்டை மிகக் குறைவாக வைத்தால் வேகம் கேகேட்/கேஎம் என்ற விகிதத்தைப் பின்தொடரும், வளைவு சும்மா இருக்கும் நொதியின் பிகேஏக்களைக் காட்டும். நொதி நிறையும் அளவுக்கு அதிகமாக வைத்தால் வேகம் கேகேட்டைப் பின்தொடரும், வளைவு பிடித்துக்கொண்டிருக்கும் நொதியின் பிகேஏக்களைக் காட்டும். நடுவில் எங்கேயோ வைத்தால் இரண்டும் கலந்த ஒரு எண் கிடைக்கும். அதற்கு அர்த்தம் சொல்ல முடியாது.

நாம் குறைந்த அளவை எடுப்போம். நாம் பயன்படுத்தும் சப்ஸ்ட்ரேட், பாரா-நைட்ரோஃபீனைல் குளுக்கோசைடு. ஆய்வகத்தில் பிஎன்பிஜி என்போம். பாதாம் நொதியில் இதன் கேஎம் சில மில்லிமோலார் இருக்கும். அதனால் 0.2 மில்லிமோலார் போதும். இந்த சப்ஸ்ட்ரேட்டில் இன்னொரு வசதி, நாம் அளக்கும் எல்லைக்குள் இதில் அயனியாகும் தொகுதி எதுவும் கிடையாது. ஆகவே வளைவில் தெரியும் வளைவுகள் எல்லாம் நொதியுடையவை. உங்கள் சொந்த நொதியில், சப்ஸ்ட்ரேட்டே ஒரு அமினோ அமிலமாகவோ பாஸ்பேட்டாகவோ இருந்தால் இந்த நிம்மதி இருக்காது. அதன் பிகேஏவும் வளைவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பஃபர் தயாரிப்பது

4.0 முதல் 7.6 வரை 0.3 இடைவெளியில் 13 புள்ளிகள் எடுங்கள். ஒரே பஃபர் இவ்வளவு தூரம் தாங்காது. 5.5 வரை அசிடேட், 5.5 முதல் 6.7 வரை எம்இஎஸ், 6.7 முதல் 7.6 வரை பாஸ்பேட். எல்லாமே 50 மில்லிமோலார், எல்லாவற்றிலும் 100 மில்லிமோலார் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. உப்பு எதற்கென்றால், பிஎச் மாறும்போது பஃபரின் அயனி வலிமையும் மாறும், அந்த மாற்றத்தை நொதி உணராமல் அது கொஞ்சம் மறைக்கும். கையில் டிரிஸ் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். சர்க்கரைப் பிணைப்பை உடைக்கும் பல நொதிகளுக்கு டிரிஸே தடையாக நிற்கும்.

5.5-ஐயும் 6.7-ஐயும் இரண்டு பஃபர்களிலும் செய்யச் சொல்வது வேண்டுமென்றேதான். 5.5-இல் அசிடேட்டிலும் எம்இஎஸ்ஸிலும் வேகம் ஒன்றாக வந்தால், நீங்கள் அளப்பது பிஎச்-இன் விளைவுதான். 15 சதவீதம் தள்ளி வந்தால், ஒரு பஃபர் நொதியோடு ஏதோ செய்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். இரண்டு துண்டுகளை ஒட்டிவைத்த கிராஃபில் ஒட்டிய இடம் ஒரு பிகேஏ போலவே தெரியும்.

பிஎச்-ஐ எப்போது அளப்பது? பஃபர் பாட்டிலில் எழுதியிருக்கும் எண்ணை எடுக்கக்கூடாது. நொதி, சப்ஸ்ட்ரேட் எல்லாம் சேர்த்த கலவையை ஒரு தனிக் குழாயில் தயாரித்து, வினை நடக்கும் அதே 30 டிகிரியில் வைத்து அளக்க வேண்டும். டிசம்பர் காலையில் இங்கே மேசை மேல் இருக்கும் பாட்டில் 20 டிகிரிக்குக் கீழேகூட இருக்கும். எம்இஎஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.011 இறங்குவது, 10 டிகிரியில் 0.1 ஆகிவிடும். நாம் தேடும் துல்லியமே அந்த 0.1தான்.

அளவீடும், அந்தத் தம்பியின் 6.9-உம்

0.5 மில்லிலிட்டர் வினைக்கலவை, அதில் 0.2 மில்லிமோலார் பிஎன்பிஜி, 30 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடேறட்டும். 10 மைக்ரோலிட்டர் நொதிக் கரைசல் சேர்த்து வினையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு பிஎச்-க்கும் நான்கு குழாய்கள் வைத்து 2, 4, 6, 8 நிமிடங்களில் ஒவ்வொன்றாக 0.5 மில்லிலிட்டர் அரை மோலார் சோடியம் கார்பனேட் ஊற்றி நிறுத்துங்கள். பிறகு 405 நானோமீட்டரில் ஓடி எடுங்கள். வெற்றுக் குழாயில் கார்பனேட்டை முதலில் ஊற்றி, நொதியைப் பின்னால் சேர்க்க வேண்டும்.

கார்பனேட் நொதியை நிறுத்துவதற்கு மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்தத் தம்பியும் அப்படித்தான் நினைத்தான். "எதுக்கு இவ்வளவு குழாய், குவெட்டிலேயே வச்சு நேரா ரீடிங் எடுத்துடலாமே" என்று, வினை நடக்கும்போதே ஸ்பெக்ட்ரோவில் ஏறும் மஞ்சள் நிறத்தைப் பார்த்துவிட்டான்.

இங்கேதான் சிக்கல். மஞ்சளாக இருப்பது நைட்ரோஃபீனால் அல்ல, புரோட்டானை இழந்த நைட்ரோஃபீனோலேட். அதன் பிகேஏ சுமார் 7.15. பிஎச் 5-இல் உண்டான பொருளில் நூற்றுக்கு ஒரு பங்குகூட மஞ்சளாகாது, கணக்குப் போட்டால் 0.7 சதவீதம். 6.15-இல் 9 சதவீதம். 7.15-இல் பாதி. நொதி 5.5-இல் முழுவேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது, ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. 7 பக்கம் போகும்போது நொதி சோர்ந்துவிட்டது, ஆனால் உண்டாகும் கொஞ்சமும் பளிச்சென்று மஞ்சளாகத் தெரிகிறது. உண்மையான வளைவை இந்த மஞ்சள் விகிதத்தால் பெருக்கிப் பார்த்தேன். 5.55-இல் இருக்க வேண்டிய உச்சம் சரியாக 6.9-க்கு நகர்ந்தது. அதுவும் அழகான மணிதான். அதனால்தான் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

கார்பனேட் ஊற்றியதும் பிஎச் 10-க்கு மேல் போய்விடுகிறது. எல்லாக் குழாய்களிலும் உண்டான பொருள் அனேகமாக முழுவதும் மஞ்சளாகிவிடுகிறது. அப்போதுதான் குழாய்க்குக் குழாய் ஒப்பிட முடியும். 405-இல் இதன் மோலார் மதிப்பு சுமார் 18,000. சப்ஸ்ட்ரேட்டில் பத்தில் ஒரு பங்கு தீர்ந்தால், கார்பனேட் சேர்த்து இரட்டிப்பான பிறகு ஓடி 0.18 வரும். உச்ச பிஎச்-இல் 8 நிமிடத்தில் இந்த அளவைத் தாண்டாதபடி நொதியை நீர்த்துக்கொள்ளுங்கள். நான்கு புள்ளிகளும் நேர்கோட்டில் விழ வேண்டும். அந்தக் கோட்டின் சாய்வுதான் வேகம்.

நொதி சாகிறதா, சும்மா நிற்கிறதா

வேகம் குறைய இன்னொரு காரணம் உண்டு. நொதி அந்த பிஎச்-இல் குலைந்துபோயிருக்கலாம். அது அயனியாதல் அல்ல, திரும்பி வராத சேதம். இதைப் பிரிக்க, வளைவின் இரு ஓரங்களிலும், அதாவது 4.0-இலும் 7.6-இலும், நொதியை சப்ஸ்ட்ரேட் இல்லாமல் 8 நிமிடம் ஊற விடுங்கள். பிறகு அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, வலுவான 5.5 பஃபரில் போட்டு வேகம் பாருங்கள். ஊறாத நொதியின் வேகமே வந்தால் நொதி நன்றாக இருக்கிறது, வெறும் புரோட்டான் விவகாரம்தான். குறைவாக வந்தால் அந்தப் புள்ளியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

நேரக் கோட்டைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். சாகும் நொதியின் கோடு முதலில் ஏறி, பிறகு சரிந்து தட்டையாகும். அதனால்தான் ஒரே நிமிடத்தில் எடுக்கும் ஒற்றைப் புள்ளியை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

வளைவிலிருந்து பிகேஏ எடுப்பது

வேகம் பாதியாகும் இடத்தைப் பார்த்து "இதுதான் பிகேஏ" என்று படிப்பது எல்லோரும் செய்வது. இரண்டு பிகேஏக்களும் நெருக்கமாக இருந்தால் அது தவறு. ஏனென்றால் உச்சத்தில்கூட நொதி முழுவதும் சரியான வடிவத்தில் இருப்பதில்லை. நீங்கள் பாதி என்று எடுப்பது, உண்மையான உச்சத்தின் பாதி அல்ல.

ஒரு கணக்கு பார்ப்போம். உங்கள் கிராஃபில் உச்சம் 5.55, உச்சத்தின் பாதி உயரம் 4.3-இலும் 6.8-இலும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1954-இல் ஆல்பர்ட்டியும் மாசியும் கொடுத்த உறவு இது:

```
K1 = [H]a + [H]b - 4[H]opt
pK1 + pK2 = 2 x pHopt
```

இதில் a, b என்பவை பாதி உயரத்தில் உள்ள இரண்டு இடங்கள். பிஎச் 4.3 என்றால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 5.012 x 10⁻⁵. 6.8 என்றால் 0.016 x 10⁻⁵. உச்சத்தில் 0.282 x 10⁻⁵, அதை நான்கால் பெருக்கினால் 1.127 x 10⁻⁵. முதல் இரண்டையும் கூட்டி இதைக் கழித்தால் 3.90 x 10⁻⁵. அதன் பிகேஏ 4.41. இரண்டாவது, 11.10-இலிருந்து 4.41 போக, 6.69. பாதி உயரத்தில் நேரடியாகப் படித்த 4.3, 6.8 இரண்டுமே 0.1 வெளியே தள்ளிப் போயிருந்தன. பாதாம் நொதிக்கு வெளியாகியிருக்கும் மதிப்புகளும் 4.4, 6.7 பக்கம்தான்.

இதே எண்களை மேலே உள்ள சமன்பாட்டில் போட்டால், உச்சமான 5.55-இல் நொதியின் சுமார் 87 சதவீதம்தான் சரியான வடிவத்தில் இருக்கிறது. பிஎச் 7-இல் அது மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பிகேஏக்களும் இன்னும் நெருங்கினால் இந்த உச்சம் இன்னும் தாழும்.

கையால் போட்ட கணக்கு உள்ளே நடப்பதைப் புரிய வைக்கும். ரிப்போர்ட்டுக்கு, 5.5-இலும் 6.7-இலும் இரண்டு பஃபர்களில் எடுத்ததோடு சேர்த்து 15 புள்ளிகளையும் பொருத்துங்கள். வேகத்தின் மடக்கையைப் பொருத்துவது நல்லது. இல்லாவிட்டால் உச்சத்தில் இருக்கும் பெரிய எண்கள் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், பிகேஏ ஒளிந்திருக்கும் ஓரங்களுக்கு மதிப்பே இருக்காது. கீழே pH, rate என்பவை உங்கள் அளவீடுகள், numpy வரிசைகளாக முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

```python
import numpy as np
from scipy.optimize import curve_fit

def logbell(pH, logk, p1, p2):
    return logk - np.log10(1 + 10**(p1 - pH) + 10**(pH - p2))

fit, cov = curve_fit(logbell, pH, np.log10(rate),
                     p0=[np.log10(rate.max()), 4.5, 6.5])
```

பிறகு மடக்கைக் கிராஃபைக் கண்ணால் பாருங்கள். இடது ஓரம் +1 சாய்வை நோக்கியும், வலது ஓரம் -1 சாய்வை நோக்கியும் போக வேண்டும். ஒரு பிஎச் அலகுக்குப் பத்து மடங்கு. சாய்வு 2-ஐத் தொட்டால் ஒரே இடத்தில் இரண்டு புரோட்டான்கள் நடமாடுகின்றன, அல்லது நொதி சாகிறது. வலது ஓரம் விழாமல் ஒரு மட்டத்தில் தட்டையாக நின்றால், புரோட்டான் இழந்த நொதியும் மெதுவாக வேலை செய்கிறது. நைட்ரோஃபீனால் எளிதாகப் பிரியக்கூடியது, அதற்குப் புரோட்டான் உதவி அவ்வளவாகத் தேவைப்படாது என்பதால் இது நடக்கக்கூடியதுதான். அப்போது இந்தச் சமன்பாடு பொருந்தாது, அந்த வடிவத்துக்கும் ஒரு வேகம் கொடுத்து எழுத வேண்டும்.

6.7 என்றால் ஹிஸ்டிடின் என்று எழுதலாமா

எழுதக்கூடாது. எனக்கு வரும் ரிப்போர்ட்களில் நான் அதிகம் அடிப்பது இந்த வரியைத்தான். பாடப்புத்தக அட்டவணையில் ஹிஸ்டிடின் 6-க்கு மேலே, குளுட்டமிக் 4-க்கு மேலே என்று இருக்கும். உடனே 4.4 குளுட்டமிக், 6.7 ஹிஸ்டிடின் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இந்த நொதியில் இரண்டுமே குளுட்டமிக்.

அது எப்படி என்பது, இதே மாதிரி வேலை செய்யும் இன்னொரு நொதியில் தெளிவாக அளக்கப்பட்டிருக்கிறது. பேசில்லஸ் சர்குலான்ஸ் பாக்டீரியாவின் சைலனேஸில், கார்பன்-13 என்எம்ஆர் வழியாக ஒவ்வொரு குளுட்டமிக்கின் பிகேஏவையும் தனித்தனியே 1996-இல் அளந்தார்கள். 78-ஆவது குளுட்டமிக் 4.6, 172-ஆவது 6.7. இரண்டும் ஒரே அமினோ அமிலம். ஆனால் 78 ஏற்கனவே எதிர்மின்சுமையோடு சுமார் ஐந்தரை ஆங்ஸ்ட்ரம் தூரத்தில் நிற்கிறது. 172 தன் புரோட்டானை விட்டால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எதிர்மின்சுமைகள். அது சங்கடம், அதனால் புரோட்டானை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் அடுத்த பாதி. 78 சர்க்கரையோடு பிணைந்து இடைநிலை உண்டானதும் அதன் எதிர்மின்சுமை போய்விடுகிறது. உடனே 172-இன் பிகேஏ 6.7-இலிருந்து 4.2-க்கு இறங்குகிறது. இப்போது அது புரோட்டானை வைத்திருக்க விரும்பாது. வந்து நிற்கும் நீர் மூலக்கூறிடமிருந்து புரோட்டானை வாங்கி அதைத் தாக்கத் தயார் செய்கிறது. முதல் படியில் கொடுப்பவர், இரண்டாம் படியில் வாங்குபவர். வேலை மாறும்போது பிகேஏவும் கூடவே மாறுகிறது.

இன்னொரு எல்லையும் உண்டு. வளைவு மொத்தப் புரோட்டான்களைத்தான் எண்ணுகிறது. இரண்டில் எது புரோட்டானோடும் எது வெறுங்கையாகவும் இருக்கிறது என்று அது சொல்லாது. மாற்றிப் போட்டாலும் அதே மணிதான் வரும்.

பெயர் வைக்க விரும்பினால் இன்னும் ஒரு சோதனை செய்யலாம். முழு வளைவையும் 25 டிகிரியிலும் 35 டிகிரியிலும் எடுங்கள். கார்பாக்சிலிக் அமிலத்தின் அயனியாதல் வெப்பம் கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால் அதன் பிகேஏ அசையாது. ஹிஸ்டிடினுக்கு அது மோலுக்கு சுமார் 30 கிலோஜூல், அதாவது 10 டிகிரியில் பிகேஏ 0.17 இறங்க வேண்டும். இங்கேயும் பஃபரின் பிஎச்-ஐ அந்தந்த வெப்பத்தில் புதிதாக அளக்க வேண்டும், இல்லையென்றால் எம்இஎஸ்ஸின் நகர்வை நொதியின் நகர்வு என்று எழுதிவிடுவீர்கள். வலப்பக்க பிகேஏ அசையாமல் நின்றால் ரிப்போர்ட்டில் "கார்பாக்சிலிக் தொகுதியோடு ஒத்துப்போகிறது" என்று எழுதுங்கள். குளுட்டமிக் என்று உறுதியாக எழுத, அந்த அமினோ அமிலத்தை மாற்றிய நொதியும் கையில் வேண்டும்.

அந்தத் தம்பி மறுவாரம் குழாய்களை அடுக்கி, கார்பனேட் ஊற்றி, முதலிலிருந்து செய்தான். உச்சம் 5.5-இல் வந்தது. அசிடேட்டும் எம்இஎஸ்ஸும் அந்த இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன.